புட்டியைக் கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

(ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போட வந்த தாய்மார்களிடையே பேசியது)

வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் தந்தைமார்களே, நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இது பெண்கள் சமாச்சாரம் இல்லை. பால் டின் வாங்கி வருவது நீங்கள்தானே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 6 மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர் கூட வேண்டாம். இதை நர்சம்மா உங்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பார்கள். இன்று நான் பேசப் போவது, ஏதோ ஒரு காரணத்தால் டின் பால் கொடுத்தே ஆக வேண்டிய வீடுகளைப் பற்றி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் போகும் தாய்மார்கள் ஏராளம். காலையில் கம்பெனி வேன் வந்துவிடும், குழந்தை பாட்டியிடம் இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் புட்டி இல்லையென்று நாம் கண்ணை மூடிக்கொள்வதில் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அந்தத் தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. ஆனால் வயிறு கனத்து உட்கார முடியவில்லை என்று பிரசவத்துக்கு முன்பே 8 வாரத்தை எடுத்துவிட்டார். மீதி 18 வாரம். அதனால் குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்து எடை போடும்போது குழந்தை 4 கிலோ 900 கிராம். பிறந்தபோது 2 கிலோ 800. ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும், அதாவது 5 கிலோ 600. அது மட்டுமல்ல, அந்த ஒரு மாதத்தில் மூன்று முறை பேதி.

பாட்டியைக் கேட்டேன். அவர் சண்டைக்கே வந்துவிட்டார். "நீங்க சொன்ன மாதிரி புட்டிய நல்லா கொதிக்க வெச்சுதாம்மா குடுக்கிறேன். என் பேரனுக்கு நான் அழுக்குப் புட்டியா குடுப்பேன்?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்படியில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். என்ன செய்கிறார் என்று பார்த்தேன், நடுவில் ஒன்றும் சொல்லவில்லை.

புட்டியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் வைத்தார். சரிதான். ஆனால் ரப்பர் காம்பை மட்டும் தனியே எடுத்து, "இது உருகிடும்" என்று சொல்லி வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்து, முந்தானையில் துடைத்து வைத்தார். பிறகு ஆறிப்போன தண்ணீரை 450 மில்லி அளந்து, 7 கரண்டி பவுடர் போட்டுக் கலக்கி, ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினார். காலை 7, 10, மத்தியானம் 1, மூன்று வேளைக்கும் அந்த ஃபிளாஸ்க்தான். புட்டி சுத்தமாகத்தான் இருந்தது. கெட்டது வேறு நாலு இடங்களில். அவற்றைத்தான் இன்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

புட்டியும் காம்பும்

கொதிக்க வைப்பதற்கு முன் கழுவ வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பால் காய்ந்து புட்டியின் உள்ளே மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் கிருமிக்கு அது போர்வை மாதிரி. குழந்தை குடித்து முடித்த உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் நீளமான பிரஷும் போட்டு உள்ளே தேய்க்க வேண்டும். காம்பை உள்புறம் வெளியே வருமாறு திருப்பித் தேயுங்கள். அதன் துளை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள், அடைப்பு இருந்தால் தெரிந்துவிடும். காம்பு பிசுபிசுவென்று இருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிறகு ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போடுங்கள். புட்டி, காம்பு, வளையம், மூடி எல்லாமே தண்ணீருக்குள் முழுக வேண்டும். புட்டி மிதந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடம் வேகாது. சாய்த்துத் தண்ணீர் நிரப்பி முழுக விடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 10 நிமிடம். அடுப்பில் வைத்த நேரத்திலிருந்து கணக்கில்லை. காம்பு உருகாது. கொதிக்க வைப்பதற்கென்றேதான் அதைச் செய்திருக்கிறார்கள். நாள்பட்டால் தளரும், அவ்வளவுதான். அப்படியே மூடி வைத்து, தேவைப்படும்போது கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு இடுக்கியால் எடுங்கள். துணியால் துடைக்காதீர்கள். நாள் முழுக்கக் கட்டியிருந்த முந்தானையில் துடைத்தால் 10 நிமிடம் எரித்த கேஸ் வீண்.

கை கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்து வரும் தாய்மாருக்கு மட்டும். பசை, சொல்யூஷன், சாயம், தோல் தூசி இவற்றோடு நேராகக் குழந்தையைத் தூக்காதீர்கள். குழந்தை ஓடி வராவிட்டாலும் கையை நீட்டும், எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் அழட்டும். கையும் முகமும் கழுவி, உடையை மாற்றிக்கொண்டு பிறகு மார்பில் போடுங்கள்.

தண்ணீர்

இது நம் பக்கத்துக்கே உரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் கழிவு நீர் பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தத் தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. பயிருக்கு ஆகாத உப்பு, அந்த நிலத்துக் கிணற்றிலும் போர்வெல்லிலும் இருக்கத்தானே செய்யும்?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது. ஒரு கைப்பிடி உப்பைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள், என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அப்படியே நிற்கும், கரிப்பு இன்னும் கூடும். குரோமியம் போன்ற உலோகமும், நைட்ரேட் என்ற உப்பும் அப்படித்தான். "அரை மணி நேரம் நல்லா கொதிக்க வெச்சேன்" என்று போர்வெல் தண்ணீரைக் காட்டினால் அது முன்னைவிட மோசமாகத்தான் ஆகியிருக்கும். பால் பவுடரிலேயே உப்புச் சத்து இருக்கிறது. அதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் சின்னக் குழந்தையின் சிறுநீரகம் தாங்காது. குழந்தைக்குத் தாகம் எடுத்து அழும், நாம் பசி என்று நினைத்து அதே பாலை மறுபடி கொடுப்போம். நைட்ரேட் அதிகமானால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

நல்ல தண்ணீரா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்கவில்லையா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதா, வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் அந்தத் தண்ணீர் துணி துவைக்கட்டும், குழந்தைக்கு வேண்டாம். ஆனால் ருசியை வைத்து நைட்ரேட்டையும் குரோமியத்தையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டேனரிக்குப் பக்கத்திலுள்ள கிணறு, போர்வெல் எதையும் தித்திப்பாக இருந்தால் கூட நம்ப வேண்டாம். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குழந்தைக்கென்று தனியாக ஒரு குடம் பிடித்து வையுங்கள். குழாய் வராத ஊரில் கேன் தண்ணீர் வாங்கலாம். அதையும் கொதிக்க வைக்க வேண்டும். கேனில் உப்பைக் குறைத்திருப்பார்கள், கிருமிக்கு யாரும் உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று, குடத்தைப் பற்றி. 2004-ல் வெளியான வேலூர் ஆய்வு ஒன்றில், தண்ணீர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சேமித்து வைக்கும் பாத்திரத்திலேயே கிருமி கூடுவதைப் பார்த்தார்கள். பித்தளைக் குடம் வைத்திருந்த வீடுகளில் அது குறைவாக இருந்தது. நம் பாட்டிமார் பித்தளைக் குடம் தேய்த்தது வீண் இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாராவது குழந்தையின் பாலையும் பித்தளையில் காய்ச்சிவிடப் போகிறீர்கள்! வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் பால் காய்ச்சி வைத்தால் செம்புச் சத்து பாலில் இறங்கும். குழந்தைகளின் ஈரல் கெட்டுப்போகும் ஒரு நோய் நம் நாட்டில் முன்பு நிறைய இருந்தது. 1980-களில் புனே பக்கம் ஆராய்ந்தவர்கள் அதற்கும் பித்தளைப் பாத்திரத்துப் பாலுக்கும் தொடர்பு கண்டார்கள். எவர்சில்வர் பரவிய பிறகு அந்த நோய் அருகிவிட்டது. ஆக, குடும்பத்துக்குத் தண்ணீர் பித்தளையில் இருக்கட்டும். குழந்தையின் தண்ணீரும் பாலும் எவர்சில்வரில்.

பவுடருக்குள்ளேயே கிருமி

இதைச் சொன்னால் தாய்மார்கள் முகம் மாறிவிடும். சீல் வைத்த டின்னாக இருந்தாலும் பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லை. குரோனோபாக்டர் என்றொரு கிருமி, சால்மொனெல்லா என்றொரு கிருமி, இவை எப்போதாவது பவுடரில் கலந்திருக்கும். எல்லா டின்னிலும் இருக்காது. இருந்தால், 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், குறை மாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் மூளைக் காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். காய்ந்த பவுடரில் அது உறங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு பெருகும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஒரு வழிமுறை வெளியிட்டது. பவுடர் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில் இந்தக் கிருமிகள் சாகும். நம்மிடம் வெப்பமானி கிடையாது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி மூடி வைத்தால், அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் சரியாக இருக்கும். கால் லிட்டர் மட்டும் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், உடனே கலக்க வேண்டும். நல்ல ஃபிளாஸ்க்கில் கொதித்த தண்ணீரை முழுக்க நிரப்பி மூடினால் சில மணி நேரம் அந்தச் சூடு நிற்கும். ஃபிளாஸ்க் வெந்நீருக்கு. பாலுக்கு அல்ல. அந்தப் பாட்டி செய்த தவறு இங்கேதான். ஃபிளாஸ்க்கில் இளஞ்சூட்டில் நின்ற பால், நாம் தயிருக்கு உறை ஊற்றி வைப்பது மாதிரிதான். 7 மணிக்குச் சில கிருமி இருந்தால் 1 மணிக்கு லட்சக்கணக்கில் ஆகிவிடலாம்.

சில டின்களில் "வெதுவெதுப்பான நீரில் கலக்கவும்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நான் சொல்வதோடு ஒத்துவரவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழந்தை சின்னதாகவோ எடை குறைந்தோ இருந்தால் டாக்டரிடம் டின்னைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். சுடுதண்ணீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுப்பதுதான் அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. கலக்கிய புட்டியை மூடியோடு பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கழுத்துக்குக் கீழே வரை நிறுத்தினால் சில நிமிடத்தில் ஆறும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சுடாவிட்டால் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் தனியாகக் கலக்க வேண்டும். கலக்கி 2 மணி நேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிடுங்கள். குழந்தை வாய் வைத்து மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. எச்சில் கலந்துவிட்டது. மனசு வரவில்லை என்றால் பெரிய பிள்ளை குடிக்கட்டும்.

அளவு

இப்போது தந்தைமார்கள் கவனிக்க வேண்டும். அந்த வீட்டு டின்னில் போட்டிருந்த அளவு, 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. 450 மில்லிக்கு 15 கரண்டி. பாட்டி போட்டது 7. ஏன்? டின் விலை அப்படி! மகன் மாதக் கடைசியில் முகம் சுளிக்கிறாரே என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். பால் வெள்ளையாகத்தான் இருந்தது, குழந்தையின் வயிறும் நிறைந்தது. ஆனால் பாதிச் சத்துதான் உள்ளே போயிற்று. ஒரு மாதம் பாதிப் பட்டினி. பட்டினி கிடக்கும் குழந்தைக்குப் பேதி வந்தால் எடை எங்கிருந்து ஏறும்?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டின் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். அந்த 400 கிராம் டின்னில் ஒரு கரண்டி சுமார் நாலரை கிராம், ஆக ஏறக்குறைய 89 கரண்டி. நாளைக்கு 15 கரண்டி என்றால் 6 நாளில் டின் தீர வேண்டும். அந்த வீட்டில் 12 நாளுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. "பரவாயில்லை, சிக்கனமாக இருக்கிறார்கள்" என்று மகன் சந்தோஷப்பட்டாராம். டின் திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள். கரண்டி ஒவ்வொரு டின்னுக்கும் வேறு. பழைய டின் கரண்டியைப் புதிய டின்னுக்குப் போடாதீர்கள். அழுத்தி நிரப்பாதீர்கள், குவிக்கவும் வேண்டாம். பவுடர் கூடினாலும் ஆபத்துதான், உப்பு கூடும். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி அப்புறம் பவுடர். பவுடரைப் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிடும்.

கடைக்காரர் அல்லது வேறு யாராவது மாதிரிக்கு என்று டின் இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1992-ல் வந்த சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. டின்மேல் கொழுகொழு குழந்தைப் படம் போடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

அந்த வீட்டில் என்ன செய்தோம்

புட்டியையே எடுத்துவிட்டோம்! நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கிறதே, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அதற்கு மூலையும் கிடையாது, ரப்பரும் கிடையாது. தேய்த்துக் கொதிக்க வைப்பது சுலபம். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, உதட்டில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் புரை ஏறும். பாட்டிக்கு இது புதிது இல்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, என் புள்ளைங்க எல்லாம் இதுலதான் வளந்துச்சு" என்றார்.

அடுத்தது, தாய் காலையில் கிளம்பும் முன் கையால் பால் பீய்ச்சி, கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில் மூடி வைக்கப் பழகினார். நம் ஊர் வெயிலுக்கு வெளியில் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் ஒரு நாள் வைக்கலாம். முதல் வாரம் அரை டம்ளர்கூட வரவில்லை. மூன்றாவது வாரத்தில் இரண்டு வேளைக்கு ஆயிற்று. டின் ஒரு வேளைக்கு மட்டும், 5 கரண்டி, 150 மில்லி. செலவு முன்பைவிடக் குறைந்தது, சத்து கூடியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். விடுப்பைப் பிரசவத்துக்கு முன் எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது, அது டாக்டர் சொல்படி.

தம்பதிகள் இதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். டின் பால் சேர்த்த நாளிலிருந்து தாய்ப்பால் தரும் இயற்கைத் தடை குறைந்துவிடும். மாதவிலக்கு திரும்பாமலே அடுத்த குழந்தை தங்கிவிடலாம். புட்டி வாங்கும் வாரத்திலேயே நர்சம்மாவைப் பார்த்து, தாய்ப்பாலைக் குறைக்காத கருத்தடை முறை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதி வந்தால் பாலை நிறுத்தவோ தண்ணியாகக் கலக்கவோ வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இங்கே இலவசம். சிறுநீர் குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, கண் குழி விழுந்தாலோ, பாலைக் குடிக்காமல் துவண்டாலோ, மறுநாள் வரை பார்க்காமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

அந்தக் குழந்தை ஆறரை மாதத்தில் 6 கிலோ 200 ஆயிற்று. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், ஆனால் கோடு மேலே போகிறது.

அடுத்த புதன்கிழமை வரும்போது, டின் பால் கொடுப்பவர்கள் உங்கள் வீட்டுப் புட்டியையும் கரண்டியையும் டின்னையும் ஒரு சொம்பு குடிதண்ணீரையும் கொண்டு வாருங்கள். புட்டியைக் கழுவ வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். இங்கே அடுப்பு இருக்கிறது. பாட்டிமார்களும் வரட்டும்.